ஆத்தங்குடிக் கல்லுக்கு மூன்று பட்டறை: மதிப்பெண் அட்டவணை எங்கே ஏமாற்றும், எப்படிச் சரிசெய்வது

செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றின் தரையை ஆத்தங்குடிக் கல் பதித்துப் புதுப்பிக்க மூன்று பட்டறைகளில் விலை கேட்டு, விலைக்கு இவ்வளவு, தரத்துக்கு இவ்வளவு என்று எடை வைத்து மதிப்பெண் போட்டால் விடை தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வரத்தான் செய்யும். ஆனால் ரூபாயையும் மில்லிமீட்டரையும் நாளையும் 0 முதல் 100 வரையிலான ஒரே அளவுக்கு எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்து, அதே எண்களும் அதே எடைகளும் வேறு பட்டறையை முதலிடத்தில் நிறுத்திவிடும். கீழே உள்ள கணக்கில் ஒரு முறைப்படி கடைசியில் நிற்கும் பட்டறை இன்னொரு முறைப்படி முதலில் வருகிறது. இந்த இரண்டில் எதை நம்பலாம், ஏன் என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

எடுத்துக்கொண்ட வேலை இது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு, வளவும் பட்டாலையும் சேர்த்து 1,800 சதுர அடி. எட்டுக்கு எட்டு அங்குலக் கல். ஒரு சதுர அடிக்கு 2.25 கல் பிடிக்கும் என்பதால் நல்ல கல்லாக 4,050 வேண்டும். வீடு பல பங்காளிகளுக்குப் பொது. சிலர் ஊரில் இருக்கிறார்கள், சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். “ஏன் அந்தப் பட்டறை?” என்று நாளை யாரும் கேட்கலாம், அதனால்தான் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். விலைகளும் அளவுகளும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை, சந்தை நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டறைகளை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.

மதிப்பெண்ணுக்கு முன் ஒரு வடிகட்டல் உண்டு. வேண்டிய பூ அச்சு அவர்களிடம் இருக்கிறதா, எட்டு அங்குலச் சட்டம் இருக்கிறதா, நாலாயிரம் கல்லை ஒரே ஆர்டராக எடுப்பார்களா என்பதெல்லாம் உண்டு, இல்லை என்று முடிகிற கேள்விகள். இவற்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது. அச்சே இல்லாத பட்டறை விலையில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் அந்தக் கல் நமக்கு வராது. மூன்று பட்டறையும் இதைத் தாண்டிவிட்டன என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சொன்ன விலை வேறு, விழுகிற விலை வேறு

அ பட்டறை சதுர அடிக்கு 60 ரூபாய் சொல்கிறது. ஆ 65, இ 70. பத்து ரூபாய் வித்தியாசம், 1,800 சதுர அடிக்கு 18,000 ரூபாய் என்று மனசு உடனே கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கு சரியல்ல.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளில் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, ஈரம் இழுக்க உலர்ந்த மணல்–சிமெண்ட் தூவி, அதன் மேல் கலவையை நிரப்பி, கரணையால் வழித்து எடுப்பது. பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவிடுவார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் அந்த வழவழப்பைக் கொடுக்கிறது. முழுக்கக் கைவேலை என்பதால் ஓரம் பொரிந்த கல், மூலை போன கல், வண்டியில் வரும்போது விரிசல் விட்ட கல் எல்லாம் இருக்கத்தான் செய்யும். எத்தனை என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும்.

இந்த உடைசலைத் தனி அம்சமாக வைத்து அதற்கும் ஒரு எடை கொடுப்பதைப் பல அட்டவணைகளில் பார்க்கலாம். அது தேவையில்லை. உடைசல் என்பது பணம், அதை விலைக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். தனியாகவும் வைத்து விலையிலும் சேர்த்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை தண்டனை கொடுத்ததாகும்.

அளக்க எளிய வழி, ஒவ்வொரு பட்டறையிலும் 100 கல் காசு கொடுத்து வாங்குவது. நூறு கல் சுமார் 44 சதுர அடி, பின்கட்டிலோ குளியலறை முன்னாலோ போட்டுவிடலாம், வீணாகாது. முழு ஆர்டர் எந்த வண்டியில் வரப்போகிறதோ அதே மாதிரி வண்டியில், அதே அடுக்கில் வர வேண்டும். காரில் துணி சுற்றிக் கொண்டுவந்த கல் எதையும் சொல்லாது. வந்ததும் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் கணீரென்று பேசும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கும்.

அ அனுப்பிய நூற்றில் 10 கல் கழிந்தது, ஆ அனுப்பியதில் 5, இ அனுப்பியதில் 2 என்று வைப்போம். வண்டி வாடகை சதுர அடிக்கு முறையே 3 ரூபாய், 3.40, 3.50. நல்ல கல்லாகக் கையில் விழும் விலை என்பது, சொன்ன விலையோடு வண்டி வாடகையைக் கூட்டி, தேறிய பங்கால் வகுப்பது. அ: 63-ஐ 0.90 ஆல் வகுத்தால் 70 ரூபாய். ஆ: 68.40-ஐ 0.95 ஆல் வகுத்தால் 72. இ: 73.50-ஐ 0.98 ஆல் வகுத்தால் 75.

பத்து ரூபாய் இடைவெளி ஐந்தாகச் சுருங்கிவிட்டது. மொத்த வேலைக்கு 9,000 ரூபாய் வித்தியாசம். இதே வகுத்தல்தான் எத்தனை கல் சொல்ல வேண்டும் என்பதையும் தரும்: அ என்றால் 4,500, இ என்றால் 4,133. அதற்கு மேல் ஒரு நூறு கல் எடுத்து வைப்பது நல்லது, ஏனென்றால் ஐந்து வருஷம் கழித்து அதே நிறம் அதே பட்டறையிலும் கிடைக்காது.

கனமும் நிறமும்

கல்லைச் சட்டத்துக்குள் கையால் நிரப்பி வழிப்பதால் கல்லுக்குக் கல் கனம் மாறுகிறது. அடுத்தடுத்த இரண்டு கல்லில் ஒன்று 18 மில்லிமீட்டர், இன்னொன்று 22 என்றால், கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் கலவையைக் கூட்டிக் குறைத்துத் தட்டி மட்டம் பிடிக்க வேண்டும். வேலை நாள் கூடும். பிடிக்கத் தவறினால் ஓரம் மேலே நிற்கும், வெறுங்காலில் நடக்கும்போதே தெரியும். ஆத்தங்குடிக் கல்லை மொசைக் மாதிரிப் பின்னால் அரைத்து மட்டமாக்க முடியாது. நிறம் இருப்பது மேலே மெல்லிய படலத்தில்தான், அரைத்தால் பூ போய்விடும். எனவே கனத்தின் சீர் என்பது அழகுக்கான அம்சம் மட்டும் அல்ல, கூலிக்கான அம்சமும்.

அளப்பது வெர்னியர் காலிப்பரால். நூறில் 20 கல் எடுத்து, நாலு மூலையிலும் அளந்து, ஒவ்வொரு கல்லுக்கும் சராசரி கனம் போட்டு, இருப்பதில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத வேண்டும். அ: 4 மில்லிமீட்டர். ஆ: 3. இ: 1.5. எந்த 20 கல் என்பது முக்கியம். பட்டறைக்காரர் “அண்ணே, இந்தாங்க சாம்பிள்” என்று எடுத்துக் கொடுப்பதை அளந்தால், அவர் கண் எவ்வளவு துல்லியம் என்பதுதான் தெரியும். அடுக்கின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் நாமே உருவ வேண்டும்.

நிறத்துக்குக் கருவி கிடையாது, கண்தான். ஆனால் கண்ணுக்கும் ஒரு படிக்கட்டு கட்டிக்கொடுக்கலாம். வெவ்வேறு நாளில் வார்த்த கற்களிலிருந்து ஒன்பதை எடுத்து மூன்றுக்கு மூன்றாகத் தரையில் பரப்பி, காலை வெளிச்சத்தில் ஒரு முறை உலர்வாகவும் ஒரு முறை தண்ணீர் தெளித்தும் பார்ப்பது. எந்தக் கல் எந்த நாளுடையது என்று சொல்லவே முடியாவிட்டால் 5. கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது என்றால் 4. நின்றபடியே ஓரிரண்டு கல் தனித்துத் தெரிந்தால் 3. பாதிக்கு மேல் வேறு வேறு நிறமாக நின்றால் 2. சிவப்பு ஒன்றில் செங்கல்லாகவும் இன்னொன்றில் கத்தரிக்காயாகவும் இருந்தால் 1. மூன்று பேர் தனித்தனியே எழுதி நடு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அ 4, ஆ 3, இ 4.

நாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுச் சரக்கும் வந்து இறங்க அ 45 நாள் கேட்கிறது, ஆ 36, இ 60. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சீக்கிரம் தருகிறேன் என்பவர் தண்ணீரில் ஊறும் நாளைக் குறைத்துத் தருகிறாரா என்று தொட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சரியாக ஊறாத கல்லின் முதுகைச் சாவியால் கீறினால் மாவாக உதிரும்.

இப்போது கையில் இருப்பது:

| | விழும் விலை (ரூ./ச.அடி) | கன வித்தியாசம் (மி.மீ.) | நிறம் (1–5) | நாள் |
|---|---|---|---|---|
| அ | 70 | 4 | 4 | 45 |
| ஆ | 72 | 3 | 3 | 36 |
| இ | 75 | 1.5 | 4 | 60 |
| எடை | 40 | 25 | 20 | 15 |

எடைகள் பங்காளிகள் ஒவ்வொருவரும் தனித்தனியே 100-ஐப் பங்கிட்டு எழுதியதன் சராசரி. விலை கேட்டு வருவதற்கு முன்பே இதை வாங்கிவிட வேண்டும். விலையைப் பார்த்த பிறகு எழுதும் எடையில் ஏற்கெனவே மனதில் இருக்கும் பட்டறைதான் எழுதப்படும்.

எல்லோரும் போடும் முறை

பொது அளவுக்குக் கொண்டுவர வழக்கமாகச் சொல்லித்தரப்படுவது, வந்திருப்பவற்றுள் மிக மோசமானதுக்கு 0, மிக நல்லதுக்கு 100, நடுவில் இருப்பதற்கு விகிதப்படி. விலையில் அ 100, இ 0, ஆ 60. கனத்தில் இ 100, அ 0, ஆ 40. நிறத்தில் அ-வும் இ-யும் 100, ஆ 0. நாளில் ஆ 100, இ 0, அ 62.5. எடையால் பெருக்கிக் கூட்டினால் அ 69.4, ஆ 49, இ 45.

அ வெகு முன்னால் நிற்கிறது. இ கடைசி. பார்த்தவுடன் முன்பணம் கொடுக்கத் தோன்றும் இடைவெளி.

எங்கிருந்து வந்தது இந்த இடைவெளி என்று பார்த்தால், விலைப் பத்தியிலிருந்து. 70 ரூபாய்க்கும் 75 ரூபாய்க்கும் உள்ள ஐந்து ரூபாய்தான் இங்கே 0 முதல் 100 வரை முழுதாக நீட்டப்பட்டிருக்கிறது. விலைக்குக் கொடுத்த 40 மதிப்பெண்ணும் அந்த ஐந்து ரூபாய்க்கே செலவாகிவிட்டது. இ-யின் விலை 75 இல்லாமல் 150 ஆக இருந்தாலும் அதற்கு இதே 0 தான் கிடைத்திருக்கும். விலைக்கு 40 என்று எழுதிய பங்காளியின் மனதில் இருந்தது இந்த ஐந்து ரூபாய் அல்ல. 60 ரூபாய்க் கல்லுக்கும் 90 ரூபாய்க் கல்லுக்கும் உள்ள தூரம் போன்ற ஒன்று.

இந்த முறையின் கோளாறு இன்னும் தெளிவாகத் தெரிய ஒரு சோதனை உண்டு. நாலாவதாக ஒரு பட்டறையைச் சேர்ப்போம். விலை 95 ரூபாய், கன வித்தியாசம் 3, நிறம் 3, நாள் 50. யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால் விலைப் பத்தியின் மோசமான முனை இப்போது 95 ஆகிவிட்டதால் இ-யின் 75 ரூபாய்க்கு 0-க்குப் பதில் 80 கிடைக்கிறது, ஆ-வின் 72-க்கு 92. மற்றப் பத்திகளில் எதுவும் மாறவில்லை. மொத்தம் போட்டால் இ 77, அ 69.4, ஆ 61.8. நாலாவது பட்டறை 16 மதிப்பெண்ணோடு அடியில் கிடக்கிறது. அது வந்ததால் மட்டுமே இ முதலிடத்துக்குப் போய்விட்டது.

அ-விலும் இ-யிலும் ஒரு கல்கூட மாறவில்லை. யாரோ ஒருவர் அதிக விலை எழுதிக் கொடுத்ததால் நம் தரைக்கு வரும் கல் மாறுகிறது என்றால், அந்த அளவுகோலை நம்ப முடியாது. விலைச்சீட்டுகள் இரண்டோ மூன்றோ மட்டுமே இருக்கும்போது இந்தக் கோளாறு மிகப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பத்தியின் இரு முனையையும் அந்த மூன்று பேரே நிர்ணயிக்கிறார்கள்.

சிறந்ததோடு விகிதம் போடும் முறையும் உண்டு. விலையில் 70-ஐ 75 ஆல் வகுத்தால் 93, கனத்தில் 1.5-ஐ 4 ஆல் வகுத்தால் 37.5 என்று போகும். இதில் இ 91.3 வாங்கி முதலில் வரும், அ-வும் ஆ-வும் 81.4-இல் சமமாக நிற்கும். ஆனால் இங்கே வேறொரு சாய்வு. கனம் போல இயல்பாகவே பல மடங்கு மாறும் பத்தி முழு ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ள, விலை போலச் சில சதவீதமே மாறும் பத்தி ஏறக்குறைய பேசாமல் நிற்கும். நிறப் படிக்கட்டை 1–5 என்பதற்குப் பதில் 0–4 என்று எழுதினால் மதிப்பெண்ணே மாறும். விலை ஒன்றை மட்டும் ஒப்பிட இது பரவாயில்லை, கண்ணால் போட்ட எண்ணுக்கு இது பொருந்தாது.

முனைகளை நாமே நடுவது

சரியான வழி, 0-வும் 100-ம் எங்கே என்பதை விலைச்சீட்டு வருவதற்கு முன் நாமே முடிவு செய்வது. இந்த வேலைக்கு அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

விலையில் 60 ரூபாய்க்கு 100, 90 ரூபாய்க்கு 0. தொண்ணூறு என்பது பங்காளிகள் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு, அதற்கு மேல் போனால் பேச்சே இல்லை. அறுபதுக்குக் கீழே யாராவது சொன்னால் அதற்கு அதிக மதிப்பெண் கொடுக்காமல் சிமெண்ட் அளவைச் சந்தேகிப்பது நல்லது.

கனத்தில் 1 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு 100. அதை எந்தக் கொத்தனாரும் கலவையிலேயே பிடித்துவிடுவார், அதற்குக் கீழே போவதால் நமக்குக் கூடுதல் பயன் இல்லை. 5 மில்லிமீட்டருக்கு 0, அதற்கு மேல் என்றால் சரக்கே வேண்டாம்.

நிறத்தில் படிக்கட்டின் இரு முனை, 1-க்கு 0, 5-க்கு 100.

நாளில் 30-க்கு 100. பழைய தரையைப் பெயர்த்து, அடித்தளம் போட்டு மட்டம் எடுக்கவே ஒரு மாதம் ஆகும், அதற்கு முன் கல் வந்தால் திண்ணையில் அடுக்கிக் காவல்தான் இருக்க வேண்டும். 90-க்கு 0. ஜூலையில் ஆர்டர் கொடுத்தால் தொண்ணூறு நாள் என்பது அக்டோபர், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். பட்டறையில் கல் காயாது, திறந்த வாசல் உள்ள வளவில் வேலையும் ஓடாது. வீட்டில் முன்னோருக்குப் படைப்போ கல்யாணமோ தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியே எல்லை. தாண்டுகிற பட்டறையை மதிப்பெண்ணுக்கு முன்பே நீக்கிவிட வேண்டும்.

எக்செலில் நாலு அம்சங்களை B முதல் E வரையிலான பத்திகளிலும், பட்டறைகளை 2 முதல் 4 வரையிலான வரிகளிலும் வைத்து, 7-ஆம் வரியில் 0 பெறும் முனையையும், 8-ஆம் வரியில் 100 பெறும் முனையையும், 9-ஆம் வரியில் எடையையும் எழுதினால், B12-இல் இந்த ஒரே சூத்திரம் போதும். குறைந்தால் நல்லது, கூடினால் நல்லது என்ற இரு வகைக்கும் இதுவே பொருந்தும், ஏனென்றால் திசையை முனைகளே சொல்லிவிடுகின்றன.

```
=MAX(0,MIN(100,(B$7-B2)/(B$7-B$8)*100))
```

இதை E14 வரை இழுத்துவிட்டு, F12-இல் மொத்தம் எழுதி F14 வரை இழுக்க வேண்டும்:

```
=SUMPRODUCT(B$9:E$9,B12:E12)/SUM(B$9:E$9)
```

விடை இப்படி வரும்:

| | விலை | கனம் | நிறம் | நாள் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| அ | 66.7 | 25 | 75 | 75 | 59.2 |
| ஆ | 60 | 50 | 50 | 90 | 60.0 |
| இ | 50 | 87.5 | 75 | 50 | 64.4 |

வரிசை இ, ஆ, அ. முதல் முறையில் வந்த அ, ஆ, இ அப்படியே தலைகீழ். நாலாவது பட்டறையை இங்கே சேர்த்தாலும் மற்ற மூன்றின் மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூட அசையாது.

எடையை ரூபாயில் கேட்டுப் பார்ப்பது

முனைகளை நட்டதில் இன்னொரு பயன் உண்டு, எடை என்ன சொல்கிறது என்பதை ரூபாயில் படிக்கலாம். விலையில் 30 ரூபாய் தூரத்துக்கு 40 மதிப்பெண், அதாவது ஒரு மதிப்பெண் சதுர அடிக்கு 75 காசு. கனத்தில் 4 மில்லிமீட்டர் தூரத்துக்கு 25, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 6.25 மதிப்பெண். ரூபாயாக்கினால் சதுர அடிக்கு 4.69, மொத்தத் தரைக்கு ஏறத்தாழ 8,400 ரூபாய்.

இப்போது கொத்தனாரிடம் கேட்கக்கூடிய கேள்வி கிடைத்துவிட்டது. “கன வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் இந்தத் தரைக்கு எத்தனை நாள் கூடும், எத்தனை மூட்டை சிமெண்ட் கூடும்?” அவர் சொல்வது 8,400 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தால் 25 என்ற எடை நியாயம். மூவாயிரம்தான் ஆகும் என்றால், மிச்சம் ஐந்தாயிரத்தை ஓரம் தூக்காத தரைக்காகக் கொடுக்கச் சம்மதமா என்று பங்காளிகளிடம் கேட்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டும்.

இதே போல நிறத்தில் ஒரு படி என்பது 6,750 ரூபாய், ஒரு நாள் தாமதம் என்பது சுமார் 340 ரூபாய். நாளுக்கு 340 என்றால் பெரும்பாலோர் சரி என்பார்கள். நிறத்தில் வளவுக்கு 6,750 கொடுக்கச் சம்மதிப்பவர், இரண்டாங்கட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டார். அப்படி என்றால் அந்த இரண்டு இடத்துக்கும் தனித்தனி அட்டவணை போடுவதுதான் நேர்மை. விலைக்கு 40, தரத்துக்கு 25 என்று வெறும் எண்ணாக வாதாடுகிறவர்கள், ரூபாயாக மாற்றிக் காட்டியதும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் ஒத்துப்போகிறார்கள்.

விடை எவ்வளவு உறுதி

இ-க்கும் ஆ-வுக்கும் இடைவெளி 4.4 மதிப்பெண்தான். இது போதுமா என்பதை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எடை. விலையின் எடையைக் கூட்டி மற்ற மூன்றையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், 54-ஐத் தாண்டும்போதுதான் அ முந்துகிறது. பங்காளிகள் விலைக்கு எழுதிய எண்கள் 30 முதல் 50 வரை இருந்தால், மற்ற மூன்றின் விகிதம் மாறாதவரை யார் எழுதியதை வைத்தாலும் இ-தான். விலையின் எடை பற்றிய சண்டை இங்கே தேவையற்றது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்து அளவு. இங்கேதான் கவனம் வேண்டும். இ-யின் முன்னிலை பெரும்பாலும் கனப் பத்தியில் கிடைத்தது. ஒரு மில்லிமீட்டருக்கு 6.25 மதிப்பெண் என்பதால் 4.4 மதிப்பெண் என்பது 0.7 மில்லிமீட்டர். இ-யின் உண்மையான வித்தியாசம் 1.5 இல்லாமல் 2.2 என்றால் ஆ-வும் இ-யும் சமம். 3 என்றால் இ 55-க்கு இறங்கிக் கடைசிக்குப் போய்விடும். இருபது கல்லில் பார்த்த வித்தியாசம் நாலாயிரம் கல்லில் கூடத்தான் செய்யும், ஏனென்றால் எண்ணிக்கை கூடக் கூட ஓரத்தில் நிற்கும் கற்கள் அகப்படும். மூன்று பட்டறைக்கும் அது கூடும், ஆனால் ஒரே அளவில் கூடும் என்று சொல்ல முடியாது. ஒரே ஆள் ஒரே நாளில் வார்த்த கல்லை அளந்திருந்தால் இ-யின் 1.5 என்பது அந்த ஆளின் கைப்பக்குவம் மட்டுமே. நாலாயிரம் கல் வார்க்க நாலு பேர் இறங்குவார்கள்.

உடைசல் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. நூறில் 2 என்பது உண்மையில் 5 ஆக இருந்தாலும் இ-யின் விலை 77.37 ஆகி மொத்தம் 61.2-இல் நிற்கும், முன்னிலை குறையும், போகாது. நூறு கல்லை வைத்து 2-க்கும் 5-க்கும் வித்தியாசம் உண்டு என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2-க்கும் 10-க்கும் உண்டு என்று சொல்லலாம்.

எனவே செலவழிக்க வேண்டிய நேரம் எடையைத் திருத்துவதில் இல்லை, இ பட்டறையிலும் ஆ பட்டறையிலும் மறுபடி போய் அளப்பதில் இருக்கிறது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆள் வார்த்த அடுக்குகளிலிருந்து பட்டறைக்கு இன்னும் 40 கல். அ பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. அதன் கன வித்தியாசம் 3-க்கு இறங்கினால் 65.4 வாங்கி இ-யைத் தாண்டிவிடுமே என்று கேட்கலாம். ஆனால் ஏற்கெனவே 20 கல்லில் 4 மில்லிமீட்டர் கண்ணால் பார்த்தாகிவிட்டது. கூட அளந்தால் அந்த எண் ஏறலாம், இறங்காது.

மறு அளவில் இ 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் இ-யிடமே ஆர்டர் கொடுக்கலாம், ஆனால் அந்த எண்ணை ஆர்டர் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும்: கன வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள், முதல் தவணை 500 கல், அதை இறக்கிய இடத்திலேயே நாம் எடுக்கும் 40 கல்லை அளந்த பிறகுதான் மிச்சக் கல்லுக்கு முன்பணம். 2.2-ஐத் தாண்டினால் ஆ-விடம் போகலாம். அங்கே நிறம் 3 தான் என்பதால் வளவின் நடுவில் போட ஒரே நாளில் வார்த்த கல்லாகக் கேட்டு வாங்கி, மற்ற நாள் கல்லைச் சுவரோரமும் பத்தாயம் நிற்கும் பக்கமும் ஒதுக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் முன்கூட்டியே அடுக்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.